பிள்ளைகள் என்றால் யார்?

"அண்ணா, 'சில்ட்ரன்' என்றே போட்டுவிடுங்களேன்" என்றாள், தங்கை முறையாகும் ஒருத்தி.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தைப் பற்றி அவள் தாத்தா கைப்பட எழுதிய உயிலின் புகைப்படம். வெளிநாட்டு வக்கீலுக்கு அதை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டுமாம்.

சிக்கல் ஒரே வரியில்தான்: "மேற்படி கிணற்றடி நிலம் என் பிள்ளைகளுக்கு."

பொதுத் தமிழில் 'பிள்ளைகள்' என்பது மகன், மகள் எல்லோரையும் குறிக்கும். சிலர் எழுத்தில் ஆண்மக்களை மட்டும். எங்கள் கொங்குப் பேச்சிலோ 'புள்ள' என்றால் பெண்! அதே தாளில் மேலே "பெரிய பையனுக்கு" என்று வருகிறது. ஆகவே இங்கே பெண்களைத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை எழுத எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அப்படியே விட்டேன். அடிக்குறிப்பில் மூன்று பொருளையும், 'பையன்' வரும் வரியையும் சேர்த்தேன். முடிவு செய்வது வக்கீலின் வேலை, தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் வேலை.

இன்னொன்று, மடிப்பில் விழுந்த ஓர் எண். 3ஆ, 8ஆ? வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்பு என்றேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் பேனா அழுத்திய தடமும் தெரியும். அப்போதும் தெளியாவிட்டால் "3 அல்லது 8, மடிப்பில் மங்கியுள்ளது" என்றே போகும்.

தங்கைக்குக் கோபம். அந்தக் கிணற்றடியில் பங்கு கேட்பவர்களில் அவள் அம்மாவும் ஒருவர்.