31 வரிகள், ஒரு மதிப்பெண்: போஸ்ட்டாக் தேடிய 7 மாதங்களின் விரிதாள்

தாவர நோயியலில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டு, 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக் எனப்படும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியிடம் தேடத் தொடங்கினேன். பெரும்பாலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வந்த அறிவிப்புகளையே பார்த்தேன். முதல் வாரத்திலேயே கூகுள் ஷீட்ஸில் 19 பத்திகள் கொண்ட ஒரு விரிதாளை உருவாக்கினேன். ஆய்வகத் தலைவரின் ட்விட்டர் கணக்குக்குக்கூட அதில் ஒரு பத்தி இருந்தது. மே மாதத்துக்குள் அவற்றில் பாதி வெறுமையாகவே கிடந்ததால், இருக்கும் எட்டு ஒன்பது பத்திகளாவது சரியாக இருக்கட்டும் என்று மீதியை அழித்துவிட்டேன். ஆனால் எஞ்சிய பத்திகளும் சரியாக இல்லை என்பது ஜூனில்தான் தெரிந்தது.

ஜூன் 10 அன்று முடியும் ஓர் அறிவிப்பின் கடைசி நாளை 10/06/2023 என்று தட்டியிருந்தேன். பக்கத்தில், எத்தனை நாள் மீதமிருக்கிறது என்று காட்டும் பத்தி இருந்தது. குறைந்த நாள் மீதமுள்ள வரிகள் மேலே வருமாறு வரிசைப்படுத்தித்தான் தினமும் வேலை செய்வேன். ஜூன் முதல் நாளில் அந்த வரிக்கு 9 என்று வந்திருக்க வேண்டும், வந்ததோ 127. கோப்பின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்ததால், விரிதாள் அதை அக்டோபர் 6 என்று புரிந்துகொண்டிருந்தது. கட்டத்தில் தெரிந்த எண்கள் நான் தட்டியவையே என்பதால் கண்ணுக்கு எந்தத் தவறும் படவில்லை. அந்த வரி கீழே போய்க் கிடந்தது; நான் அதைத் திரும்பிப் பார்த்தது ஜூன் 14 அன்று.

இதைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் ஒன்று என் கண்ணெதிரிலேயே இருந்தது. மாதம் முதலில் வரும் அமைப்பில் 23/06/2023 என்று ஒரு தேதி இருக்க முடியாது என்பதால், விரிதாள் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிவிடும். உண்மையான தேதிகள் வலப்பக்கம் நிற்கும். அத்தகைய வரிகளில் மீதி நாள் கணக்கு பிழை காட்டியிருக்கும். ஆனால் பிழைச் செய்தி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நானே அதை இப்படி மறைத்து வைத்திருந்தேன்:

```
=IFERROR(E3-TODAY(),"")
```

IFERROR என்ற போர்வையை எடுத்ததும் ஏழு வரிகள் பிழையோடு எழுந்து நின்றன. File > Settings சென்று Locale என்பதை இந்தியாவுக்கு மாற்றினேன். ஆனால் ஏற்கெனவே அக்டோபராகப் பதிவான தேதி அதனால் ஜூனாக மாறிவிடுவதில்லை. எல்லாத் தேதிகளையும் 2023-06-10 என்ற வடிவத்தில் மீண்டும் தட்டினேன். நேரத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. கோடையில் பிரிட்டனின் இரவு 11:59 நமக்கு மறுநாள் அதிகாலை 4:29 ஆகும். பிரஸ்ஸல்ஸின் மாலை 5 மணி நமக்கு இரவு 8:30. இதையெல்லாம் மனக்கணக்காகப் போடாமல், அறிவிப்பில் உள்ள தேதிக்கு இரண்டு நாள் முந்தைய தேதியையே கடைசி நாள் பத்தியில் இட்டு, உண்மையான தேதியைக் குறிப்பாக வைத்துக்கொண்டேன்.

தேதிப் பிழையாவது ஒருநாள் வேலையில் தீர்ந்தது. ஒவ்வோர் இடமும் எனக்கு எவ்வளவு பொருந்தும் என்று காட்டும் பொருத்த மதிப்பெண்ணைச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆயின. அடிப்படைத் தகுதி, ஆய்வுப் பொருள், ஒப்பந்தக் காலம், ஊதியமும் ஊரும் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை கொடுத்து, கூட்டி, நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் முதல் முறை. அதன்படி கோதுமைத் துரு நோய் பற்றிய ஓர் இடம் 75 பெற்று முதலில் நின்றது. என் பொருளேதான், மூன்று ஆண்டு ஒப்பந்தம், நல்ல ஊதியம். ஆர்.என்.ஏ. வரிசைத் தரவுகளைத் தனித்துப் பகுப்பாய்வு செய்த அனுபவம் கட்டாயம் என்று அறிவிப்பில் இருந்தது; எனக்கு அது இல்லை என்பதால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 0. நெல் குலை நோய் பற்றிய இன்னோர் இடத்துக்கு எல்லாத் தகுதியும் இருந்தும், ஒன்றரை ஆண்டு ஒப்பந்தம் என்பதால் 58 மட்டுமே கிடைத்தது. முதலாவதற்கு ஒரு வாரம் செலவழித்து எழுதினேன். இரண்டாவதற்கு ஒரே மாலை. முதலாவதிலிருந்து ஒன்பதே நாளில் மறுப்பு வந்தது.

எனக்கு முன்பே அதே ஆய்வகத்தில் பட்டம் பெற்றுச் சென்ற அக்கா ஒருவரிடம் இந்த விரிதாளைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீ அங்க போக எவ்வளவு ஆசைப்படுறேன்னுதான் இந்த 75 சொல்லுது. அவங்க உன்னைக் கூப்பிடுவாங்களான்னு சொல்லல," என்றார். பிரிட்டன் அறிவிப்புகளில் கட்டாயத் தகுதிகள், விரும்பத்தக்க தகுதிகள் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். தேர்வுக் குழு பெரும்பாலும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் விண்ணப்பங்களைச் சலிக்கும். அங்கே ஒரு கட்டாயத் தகுதி இல்லாத குறையை என் ஆர்வத்தால் ஈடுகட்ட முடியாது. ஆனால் என் கூட்டல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அதன் பிறகு மேல் வரியில் நான்கு பத்திகளுக்கும் முறையே 4, 3, 2, 1 என்று எடை கொடுத்து, கணக்கை இப்படி மாற்றினேன்:

```
=IF(COUNT(H3:K3)<4,"",
 IF(H3=0,0,
 ROUND(SUMPRODUCT(H3:K3,H$1:K$1)/30*100,0)))
```

H பத்தி அடிப்படைத் தகுதி. அது 0 என்றால் மொத்தமும் 0. நான்கு கட்டங்களும் நிரம்பாதவரை மதிப்பெண்ணே வராது. இல்லையென்றால் பாதி மட்டும் படித்த அறிவிப்புகள் குறைந்த மதிப்பெண்ணோடு கீழே போய் மறைந்துவிடும். புதிய கணக்கில் துரு நோய் இடம் 0 ஆனது. குலை நோய் இடம் 3, 2, 1, 1 என்ற அதே எண்களுக்கு 70 பெற்றது. ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. மறுப்புகள் சேரச் சேர, ஆகஸ்டில் நான் தகுதிப் பத்தியில் 1 போட வேண்டிய இடங்களில் 2 போடத் தொடங்கியிருந்தேன். சூத்திரத்தால் இதைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு 2க்கும் 3க்கும் என் தன்விவரக் குறிப்பின் எந்த வரி சான்று என்று கட்டத்தின் குறிப்பில் எழுதியாக வேண்டும் என்று வைத்துக்கொண்ட பிறகே அது நின்றது.

தொடர் விசாரணையில் செய்த தவறு சிறியது. விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து 14 நாள் எண்ணி, என்ன ஆயிற்று என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புவேன். ஒருமுறை, "விண்ணப்பிக்கும் காலமே இன்னும் முடியவில்லையே" என்று பணிவாகப் பதில் வந்தது. அதிலிருந்து கடைசி நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன். நேர்காணல் தேதியை அறிவிப்பிலேயே கொடுத்திருந்தால் அதற்கு மறுநாளைக் குறித்தேன். எட்டு வாரம் பதில் இல்லாத வரியின் நிலையை "முடிந்தது" என்று மாற்றிச் சாம்பல் நிறமாக்கிவிடுவேன்.

கடைசியாகச் சேர்த்த பத்தி, அறிவிப்பை பி.டி.எஃப். ஆகச் சேமித்த கோப்பின் இணைப்பு. காலம் முடிந்ததும் பல தளங்களில் அறிவிப்புப் பக்கமே மறைந்துவிடும் என்பதால் அதைச் சேர்த்தேன். அக்டோபரில், சாம்பல் நிறமாகிப் பதினொரு நாளான குலை நோய் வரியிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. பழைய இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் இல்லை என்று வந்தது. சேமித்திருந்த கோப்பைத் திறந்து, கட்டாயத் தகுதிகள் ஆறையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தச் சோதனையைப் பற்றிச் சொல்வது என்று குறிக்கத் தொடங்கினேன். நிலைப் பத்தியில் "முடிந்தது" என்றிருந்ததை "நேர்காணல்" என்று மாற்றியது மறுநாள் காலையில்தான்.