சரக்கு புதுச்சேரி போய்விட்டது, பில் எப்போது போடுவது?

கடலூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தேக்கு மரச்சாமான் பட்டறை இருக்கிறது. புதுச்சேரியில் வெளியூர்க்காரர்கள் அதிகம் வரும் ஒரு ஷோரூமிலிருந்து இந்த ஆண்டு கேட்டார்கள்: "சாமானை அனுப்புங்க, விக்க விக்கப் பணம் தர்றோம், விக்காததைத் திருப்பிடுறோம்." பேச்சு எளிதாக முடிந்தது. பில் விஷயத்தில்தான் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பட்டறையில் கணக்கெழுதும் அண்ணன், "வண்டி கிளம்பும்போதே பில் போட்டுடலாம், திரும்பி வந்தா கிரெடிட் நோட் போட்டுக்கலாம்" என்றார். ஷோரூம்காரர் மாதக் கடைசியில் மொத்தமாக ஒரே பில் போதும் என்றார். எங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசியபோது இரண்டுமே சரியில்லை என்று தெரிந்தது.

மார்ச் 10 அன்று அனுப்ப வேண்டியிருந்தது இது: ஒரு ஊஞ்சல் 32,000 ரூபாய், நான்கு சாய்வு நாற்காலிகள் தலா 14,000, இரண்டு டீப்பாய் தலா 9,000. மொத்தம் 1,06,000. மரச்சாமானுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வரி. அன்றே பில் போட்டிருந்தால் 19,080 ரூபாய் வரியை மார்ச் கணக்கிலேயே கட்டியிருக்க வேண்டும். கையில் ஒரு பைசா வராத சரக்குக்கு. ஷோரூமுக்கும் அது நல்லதல்ல. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தராவிட்டால், எங்கள் பில்லை வைத்து எடுத்த வரிக் கழிவை வட்டியோடு அவர்கள் அரசுக்குத் திருப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு. மார்ச் 31-ல் அந்தச் சாமானெல்லாம் இன்னும் எங்களுடையதுதான். பில் போட்டுவிட்டால் விற்காததை விற்றதாகக் காட்டி, அதன் லாபத்துக்கு வருமான வரியும் கட்டுகிற நிலை வரும். பில் இல்லாமல், டெலிவரி சலான் என்ற அனுப்புச் சீட்டில் போன சரக்கு எங்கள் இறுதி இருப்பில், அடக்க விலையில் நிற்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 31(7): பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் திருப்பலாம் என்று அனுப்பும் சரக்குக்கு, விற்பனை உறுதியாகும்போது அல்லது அதற்கு முன் பில் போட வேண்டும். அல்லது சரக்கு கிளம்பிய நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்போது. எது முந்தியதோ அது. அதுவரை கூடப் போக வேண்டியது டெலிவரி சலான்தான். 2017 அக்டோபரில் வரி வாரியம் நகைக்காரர்களுக்காக வெளியிட்ட சுற்றறிக்கை 10/10/2017-ம் இதையே சொல்கிறது, இதே போன்ற மற்ற சரக்குகளுக்கும் அது பொருந்தும் என்றும் சேர்த்திருக்கிறது.

ஆனால் இது எல்லா "விற்றால் பணம்" ஏற்பாட்டுக்கும் பொருந்தாது. ஆடிட்டர் எங்களிடம் முதலில் கேட்டதே, "அவங்களுக்குக் கமிஷனா, இல்ல அவங்க விலைக்கு அவங்க விக்கிறாங்களா?" என்றுதான். ஷோரூம் எங்கள் ஏஜெண்டாக, எங்களுக்காக விற்று, வாடிக்கையாளருக்குத் தன் பெயரில் பில் போட்டால் அது கன்சைன்மெண்ட். அப்போது சரக்கு ஏஜெண்டிடம் போவதே சட்டப்படி சப்ளை ஆகிவிடும் (முதல் அட்டவணை, பத்தி 3). பில்லையும் அனுப்பும்போதே போட வேண்டும், ஆறு மாதச் சலுகை கிடையாது. எங்கள் ஷோரூம் அப்படியில்லை. விற்கிற கணத்தில் நாங்கள் ஒப்புக்கொண்ட விலைக்கு எங்களிடம் வாங்கி, தன் விலைக்கு விற்கிறது. அதனால் ஷோரூமோடு போட்ட ஒப்பந்தக் கடிதத்தில் "கமிஷன்" என்ற பேச்சே வராமல் எழுதினோம். நடப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். கடிதத்தில் ஒன்று, கணக்கில் சதவீதக் கழிவு என்று இருந்தால் கடிதம் காப்பாற்றாது.

கடிதத்தில் ஒரு கெடுவும் வைத்தோம்: ஐந்து மாதம், அதாவது ஆகஸ்ட் 10. அதற்குள் திருப்பாவிட்டால் வாங்கியதாக அர்த்தம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் அப்படியே சொல்கிறது: குறித்த காலம் தாண்டியும் மறுப்புச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் சரக்கு வாங்கியவருடையதாகிவிடும். ஆக, கெடு முடிந்த நாளே பில் நாள். ஆறு மாதம் என்பது வரிச் சட்டம் தரும் கடைசி எல்லை, நாம் பேசிக்கொள்ளும் கெடு அதற்குள் அடங்கினால்தான் மூச்சுவிட நேரம் இருக்கும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலக் கணக்கு: ஜிஎஸ்டி எண்ணில் மாநிலக் குறியீடு எங்களுக்கு 33, அவர்களுக்கு 34. அதனால் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டிதான் வரி. கடலூரில், சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் சிறு சதவீதம் மட்டும் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் இப்படி அங்கே விற்கவே முடியாது. சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லுக்குத் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரம்பு என்ற பழக்கத்தில் இருப்பவர்கள், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேலே போனாலே அது வேண்டும் என்பதைக் கவனிக்கவும். இ-வே பில் தளத்தில் `Outward`, அடுத்து `Others`, ஆவண வகை `Delivery Challan`. சலான் மூன்று பிரதி: பெறுபவருக்கு, வண்டிக்கு, நமக்கு. தனி வரிசை எண், பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண், எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும். "விற்பனை அல்லது திரும்பப் பெறும் அடிப்படையில்" என்று ஒரு குறிப்பும் எழுதிவிட்டோம். வழியில் நிறுத்திக் கேட்டால் அந்தக் குறிப்பு பேசும்.

பிறகு வந்ததுதான் உண்மையான சிக்கல். ஏப்ரல் 29-ல் ஒரு நாற்காலி விற்றது, ஷோரூமிலிருந்து எங்களுக்குச் சொன்னது மே 6-ல். ஷோரூம் விற்ற அந்த நாளே எங்கள் பில் நாள். மே 6 தேதியிட்டுப் பில் போட்டாலும், போட்டிருக்க வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 29 என்பதால் வரி ஏப்ரலுக்கே சேரும். ஏப்ரல் மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி-யைத் தாக்கல் செய்ய மே 20 வரை நேரம் இருந்ததால் 2,520 ரூபாயை அதிலேயே சேர்த்துக் கட்டினோம். இதே செய்தி மே 20-க்குப் பிறகு வந்திருந்தால் வட்டியும் சேர்ந்திருக்கும். மாதக் கடைசியில் ஒரே பில் என்ற யோசனை ஏன் ஆகாது என்று ஷோரூம்காரருக்கு இதை வைத்தே விளக்கினேன். அதன் பிறகு, விற்ற அன்றே சலான் எண்ணையும் பொருளையும் வாட்ஸ்ஆப்பில் போடுவது என்று பேசிக்கொண்டோம். எங்களிடமிருந்து அன்றே பில் போகும்: நாற்காலி 14,000, ஐஜிஎஸ்டி 2,520, ஆக 16,520, கீழே சலான் எண். சரக்கு ஏற்கெனவே அங்கே இருப்பதால் பில்லுக்குப் புதிதாக இ-வே பில் வேண்டாம்.

ஜூலைக்குள் நாற்காலிகளும் டீப்பாய்களும் போய்விட்டன. ஊஞ்சல் மட்டும் நின்றது. கெடு நெருங்கியதும் ஷோரூம்காரர், "புது சலான் ஒண்ணு போட்டுடுங்க, இங்கயே இருக்கட்டும்" என்றார். அது ஆகாது. சரக்கு அசையாமல் காகிதம் மட்டும் மாறினால் ஆறு மாதக் கணக்கு மார்ச் 10-லிருந்துதான் ஓடும். வாங்குங்கள் அல்லது திருப்புங்கள் என்றேன். ஆகஸ்ட் 8 அன்று அவர்கள் சலானில், எங்கள் சலான் எண்ணைக் குறிப்பிட்டு, ஊஞ்சல் திரும்பி வந்தது. 32,000 ரூபாய்தான் என்பதால் இ-வே பில் தேவைப்படவில்லை. எங்கள் சலானில் ஊஞ்சலுக்கு எதிரே "திரும்பியது" என்று எழுதி மூடினோம். அடுத்த முறை அது புது சலானோடு, புதுக் கெடுவோடு போகும்.