மாற்றிக் கேட்ட விடுப்பு

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் பிரிவில் நான் பல ஆண்டுகள் வேலை செய்தேன். ஒரு முறை, எழுத்தில் ஒப்புதல் ஆகி ஷிப்ட் சார்ட்டிலும் ஏறிவிட்ட விடுப்பை வேறு தேதிக்கு மாற்றிக் கேட்க வேண்டி வந்தது. அப்போது நான் செய்த பிழையையும், அதைச் சரிசெய்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

தங்கை மகளுக்குக் காது குத்தும் விழா. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும் என்பதால், நான் இல்லாமல் அந்த விழா நடக்காது. மே மாதத்தின் மூன்றாவது வாரம் குலதெய்வக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று குடும்பத்தில் பேசியிருந்தார்கள். அதை நம்பி, ஏப்ரல் மாதமே மே 18 முதல் 25 வரை எட்டு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதலும் வாங்கியிருந்தேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சானுக்கு அங்கே விடுமுறை தள்ளிப்போயிற்று. அவர் வந்து சேரும் நாள் உறுதியான பிறகே பங்காளிகள் கூடிப் பேச முடிந்தது. மே 9 இரவு தங்கை தொலைபேசியில் அழைத்து, "ஜூன் 8ன்னு முடிவு பண்ணிட்டாங்கண்ணா" என்றாள்.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் இன்சார்ஜிடம் விஷயத்தைச் சொன்னேன். இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவர் "பார்க்கலாம்" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தங்கைக்கும் உறுதி சொல்லிவிட்டேன். மூன்று நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் பார்த்தபோது, மே 18இலிருந்து நான் விடுப்பு என்றே சார்ட் இருந்தது. ஜூன் 4 முதல் 9 வரை எங்கள் பிரிவின் மூத்தவருக்கு விடுப்பு ஒப்புதல் ஆகியிருந்தது. வாய்ச்சொல் சார்ட்டை மாற்றாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கேட்பதற்கு இருந்த தயக்கத்தில், பாதி கேட்டதையே முழுதாகக் கேட்டதாக நினைத்துவிட்டேன்.

எங்கள் பிரிவின் கணக்கைச் சொன்னால்தான் இதில் உள்ள சிக்கல் விளங்கும். பாய்லருக்குப் பொறுப்பாக நிற்பவர் அதற்குரிய தகுதிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது. சான்றிதழ் உள்ளவர்கள் நாங்கள் நான்கு பேர். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். நான்கு பேர் இருக்கும்போது ஆளுக்கு ஆறு ஷிப்ட் பார்த்தாலும் மூன்று மிஞ்சும்; வார ஓய்வு தடையில்லாமல் கிடைக்கும். ஒருவர் விடுப்பில் போனால் மீதி மூவரும் ஏழு நாளும் வர வேண்டும், யாருக்கும் ஓய்வு இல்லை. ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்காமல் ஒருவரைத் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அதனால்தான் எங்கள் பிரிவில் ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் விடுப்பு இல்லை, அதுவும் எட்டு நாளுக்கு மேல் இல்லை.

இதை வைத்துப் பார்த்தால், என்னுடைய எட்டு நாள் என்னுடையது மட்டுமல்ல. அந்த எட்டு நாளுக்காக, எங்களுள் இளையவனான ரிலீவர் தம்பி தன் ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்திருந்தான் என்பது, சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனே பக்கத்தில் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "நீங்க மே மாசம் போகலைன்னா நான் ஊருக்கே போயிருப்பனேங்கண்ணா" என்று அவன் சொன்னதில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது.

விடுப்பைப் பிரித்து, விழாவுக்கு இரண்டு நாளும் மீதியைப் பிறகும் எடுக்கலாமா என்று முதலில் யோசித்தேன். அந்த ஆண்டு ஏற்கெனவே இரண்டு முறை விடுப்பு எடுத்திருந்தேன். ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் பிரித்து எடுக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. இருந்தது ஒரே ஒரு முறை, அதை ஜூன் 8ஐச் சுற்றித்தான் வைக்க வேண்டும். விண்ணப்பம் குறைந்தது 15 நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்ற விதிக்கு இன்னும் காலம் இருந்தது. ஆனால் இன்னொரு தடை இருந்தது. பாய்லரின் ஆண்டுச் சான்றிதழ் ஜூன் 15இல் முடிகிறது. ஆய்வாளர் 13ஆம் தேதி வருகிறார். அதற்காக 10ஆம் தேதி நெருப்பை நிறுத்தி, மெல்ல ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, மேன்ஹோல் திறந்து, கரியும் படிவும் நீக்கி, சேஃப்டி வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். அவசரமாக ஆறவைத்தால் டியூப் மூட்டுகளில் கசிவு வரும் என்பதால் அந்த நாட்களைச் சுருக்கவும் முடியாது. அப்போது நால்வரும் வேண்டும்.

ஆகவே எட்டு நாளை ஐந்தாகக் குறைத்து, ஜூன் 5 முதல் 9 வரை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தேன். மீதி மூன்று நாள் கணக்கில் இருக்கும். அடுத்து மூத்தவரிடம் போனேன். மேலாளர் மூலம் அவரை நெருக்குவது தவறு என்று தோன்றியதால், அவர் மறுத்தால் அத்துடன் விட்டுவிடுவது என்ற எண்ணத்துடன்தான் கேட்டேன். அவருடைய விடுப்பு வீட்டுக்கு வெள்ளை அடிப்பதற்கானது. சற்று நேரம் யோசித்துவிட்டு, "பெயின்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்ப்பா. மே 18ன்னா மழைக்கு முன்னாடி முடிஞ்சிரும், எனக்கும் அதுதான் நல்லது" என்றார். மறுநாள் சரி என்றார். அவர் மே மாத இடத்தை எடுத்துக்கொண்டதால், தம்பி பயணத்தைத் தள்ளிவைத்ததும் வீணாகவில்லை. மே மாதத்தில் சார்ட்டில் மாறியது ஒரு பெயர் மட்டுமே.

மே 14 காலை மேலாளரிடம் கொடுத்த கடிதத்தில் இவ்வாறு எழுதினேன்: "மே 18 முதல் 25 வரை எனக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட விடுப்பை, குடும்ப விழாவின் தேதி மே 9 அன்றுதான் முடிவானதால், ஜூன் 5 முதல் 9 வரை ஐந்து நாட்களாக மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். அந்நாட்களில் விடுப்பில் இருக்க வேண்டிய மூத்த ஆபரேட்டர் என் மே மாத நாட்களை ஏற்க இசைந்து கீழே கையொப்பமிட்டுள்ளார். புதிய தேதிக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை பழைய ஒப்புதல் நடப்பில் இருக்கட்டும். ஜூன் 10 காலை ஷிப்டுக்கு வந்துவிடுவேன்." கடிதத்துடன் ஜூன் மாத சார்ட்டையும் எழுதி இணைத்திருந்தேன். ஜூன் 2, 3, 4 ஆகிய நாட்களில் மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொள்வதாகவும், அதன்பின் 12ஆம் தேதி வரை யாருக்கும் பத்து நாள் தாண்டாது என்றும் அதில் காட்டியிருந்தேன்.

பழைய ஒப்புதல் இருக்கட்டும் என்ற வரியை எழுதலாமா என்று நெடுநேரம் தயங்கினேன்; பேரம் பேசுவது போல ஆகிவிடுமோ என்று அஞ்சினேன். ஆனால் பழையதை முதலில் ரத்து செய்துவிட்டுப் புதியது மறுக்கப்பட்டால் என் கையில் எதுவும் இருக்காது. சார்ட் போடுகிறவருக்கும் எந்தத் தேதி உண்மை என்று தெரியாது. மேலாளர் கடிதத்தை முழுதாகப் படித்தார். காரணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பில் இருந்த ஓய்வு நாட்களை மட்டும் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "பத்தாம் தேதி காலையில ஆறு மணிக்கு இருக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

ஜூன் 8 காலை, ஆசாரி காதில் ஊசியை வைத்தபோது குழந்தை என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். 9ஆம் தேதி மாலையே கிளம்பி, மறுநாள் ஆறு மணிக்கு முன் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். ரிலீவர் தம்பிக்கு மே மாதத்தில் போன வார ஓய்வு ஜூலையில் ஈடு செய்யப்பட்டது. அதை அவன் ஊர்த் திருவிழா நாளில் கேட்டிருந்தான். அன்றைய இரவு ஷிப்ட் நான் பார்த்தேன்.