பேட்ச் சந்திப்பு அழைப்பு: "30ஆம் தேதிக்குள்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்

வேதாரண்யத்தில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி நவம்பர் 5ஆம் தேதி இரவு போன் செய்தாள். "தேதி முடிஞ்சு போச்சுன்னு பார்த்தேன்டி. பரவாயில்ல, போட்டோ மட்டும் அனுப்புங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்திப்பு டிசம்பர் 28, பதில் சொல்லக் கடைசி நாள் நவம்பர் 30. எது முடிந்தது? அவளுக்கு வந்த படத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். எங்கள் அழைப்பின் ஆறாவது படம் அது. "பதிலை 30ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும்" என்று மட்டும் இருந்தது. மாதம் இல்லை. அக்டோபர் 30 என்று எடுத்துக்கொண்டு, முப்பது வருடம் கழித்து வந்த அழைப்பை அவள் மனதுக்குள்ளேயே மூடி வைத்துவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாங்கள் 1995இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். தேதி முடிவு செய்வதில் சிரமம் இருக்கவில்லை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. சம்பா அறுவடை பொங்கலை ஒட்டித்தான் மும்முரமாகும் என்பதால் வயல் வைத்திருப்பவர்களும் வர முடியும். பெரிய முடிவுகளெல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. ஆறு படம் கொண்ட கேரசல்தான் எங்களைப் படுத்தி எடுத்தது.

டிசைன் செய்யக் கும்பகோணத்தில் ஒரு கடைக்குக் கொடுத்தோம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பாபநாசத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். ஜவுளிக்கடை விளம்பர வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயணம் வீண். கடைசியில் வந்த படத்தில் "28, சனிக்கிழமை" என்று இருந்தது. 28 ஞாயிறு. திருத்தத்துக்குத் தனிக் காசு கேட்டார்கள், திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தர மறுத்தார்கள். வேலை கொடுக்கும்போதே கோப்பும் வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமையைத் திருத்திய அவசரத்தில் மற்ற படங்களை யாரும் நிதானமாகப் படிக்கவில்லை. அக்டோபர் 22 மாலை ஆறையும் குரூப்பில் போட்டோம். முதல் படம் பள்ளி முகப்பு, பிறகு தேதி, இடம், பங்குத்தொகை, பணம் அனுப்பும் கியூஆர், பதில் நாள். இன்ஸ்டாகிராமில் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்ப்பார்கள். எங்கள் வயதுக்காரர்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். அங்கே ஆறு படம் போனால் ஆல்பமாகச் சேர்ந்து நான்கு கட்டம்தான் வெளியே தெரிகிறது. நான்காவதன் மேல் ஒரு பிளஸ் எண் விழுகிறது. ஐந்தாவதும் ஆறாவதும் உள்ளே ஒளிந்துகொள்கின்றன. நாங்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நினைத்த இரண்டும் அவைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஃபார்வர்டு. குரூப்பில் இல்லாத தோழர்களுக்கு அவரவர் கையில் கிடைத்த ஒரு படத்தை மட்டும் தட்டி அனுப்பினார்கள். வேதாரண்யத்துக்கு ஆறாவது மட்டும் போனது. மன்னார்குடி நண்பனுக்குத் தொகை போட்ட படம் மட்டும் போனது. அதில் "பங்குத்தொகை ரூ. 1,000" என்று இருந்தது. தலைக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500 என்ற விவரத்தை அடுத்த படத்தில் கியூஆருக்குக் கீழே சிறிய எழுத்தில் வைத்திருந்தோம். அவன் குடும்பத்துக்கே 1,000 என்று நினைத்து, நான்கு பேர் வருகிறோம் என்று எழுதி, 1,000 அனுப்பிவிட்டான். மீதியைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. தப்பு எங்களுடையது, சங்கடம் இரண்டு பக்கமும்.

கியூஆரிலும் ஒரு பாடம் கிடைத்தது. படம் வந்திருப்பது அவர்கள் போனிலேயே. அதே போனால் அதை எப்படி ஸ்கேன் செய்வது? கேலரியிலிருந்து எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். தனியாக வருபவர்களின் 1,000 போனது. கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று 2,500 அனுப்பியவர்களுக்கெல்லாம் போகவில்லை. "உன் அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சினை" என்று எனக்கே போன் வந்தது. வங்கிக்குப் போய்க் கேட்டேன். கணக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கேலரியில் இருக்கும் தனிநபர் கியூஆர் வழியாக 2,000 ரூபாய்க்கு மேல் போகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. யுபிஐ ஐடியையோ போன் எண்ணையோ எழுத்தாக அனுப்பினால் இந்தத் தடை வராது. அதைச் செய்ததும் இரண்டே நாளில் ஏழு குடும்பத்தின் பணம் வந்து சேர்ந்தது.

இடம் போட்ட படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மண்டபம் சுவாமிமலை போகும் வழியில். கடைக்காரர் மண்டபத்தின் பெயரைத் தேடி, தாராசுரம் பக்கம் அதே பெயரில் இருக்கும் வேறொன்றின் வரைபடத்தை ஒட்டிவிட்டார். முன்பணம் கட்டப் போன நண்பர் படத்தைப் பார்த்துக்கொண்டே போய், பூட்டிய கேட் முன்னால் நின்று போன் செய்தார். நல்லவேளை, விழா நாளில் நடக்கவில்லை. வரைபடத்தின் படத்தைத் தொட்டால் வழி காட்டாது. இப்போது மண்டப வாசலில் நின்றே லொகேஷன் எடுத்து, அதைத் தனிச் செய்தியாக அனுப்பியிருக்கிறோம். படத்தில் "சுவாமிமலை சாலை" என்று எழுத்திலும் இருக்கிறது.

நவம்பர் 6ஆம் தேதி உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய ஆல்பத்தைக் குரூப்பில் நீக்கினாலும் ஃபார்வர்டு ஆன பிரதிகள் அங்கங்கே இருக்கத்தான் செய்யும். அதனால் புதிய படங்களின் மூலையில் "திருத்தியது, நவம்பர் 6" என்று போட்டோம். ஆறு படம் மூன்றாயிற்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே பட்டை: "1995 பேட்ச் | சந்திப்பு டிசம்பர் 28, ஞாயிறு | பதில் நவம்பர் 30, ஞாயிறுக்குள்", கூடவே பதில் சொல்ல வேண்டிய இரண்டு போன் எண்கள். எந்தப் படம் தனியாகப் போனாலும் இவ்வளவும் கூடவே போகும். தொகை போட்ட படத்தில் கணக்கையே எழுதிவிட்டோம்: "நீங்கள் மட்டும் 1,000. தம்பதி 2,000. ஒரு பிள்ளையுடன் 2,500."

கடைசி நாள் எதற்கு என்பதையும் ஒரு வரி சேர்த்தோம்: "நூறு பேருக்கு மேல் என்றால் பெரிய ஹால் எடுக்க வேண்டும், டிசம்பர் 1 அன்று மண்டபத்துக்குச் சொல்ல வேண்டும்." அதுவரை "பார்க்கலாம்" என்று இழுத்தவர்கள் அதைப் படித்ததும் எண்ணிக்கை சொன்னார்கள். சமையல் மாஸ்டருக்கு இலைக் கணக்கு டிசம்பர் 15 வரை போதும் என்பதால், தாமதமாகச் சொல்பவர்களுக்கு அந்த இரண்டு வாரத்தை நாங்களாகவே கைவசம் வைத்துக்கொண்டோம். அதை வெளியில் சொல்லவில்லை.

சென்னையில் இருப்பவர்களிடம் ஒரு குறை மிச்சம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறந்துவிடுகிறது. 28 இரவு உழவன் எக்ஸ்பிரஸில் திரும்ப நினைத்தவர்கள் அக்டோபர் 29 காலையிலேயே பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் குழப்பம் தீர்ந்தபோது டிக்கெட்டும் தீர்ந்திருந்தது. அவர்கள் நான்கு பேர் சேர்ந்து வேன் பேசுகிறார்கள். அழைப்பை அந்த 60 நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சரிபார்த்து வெளியே விட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 30 இரவு வரை 96 பேர். 1ஆம் தேதி காலையில் சின்ன ஹாலே போதும் என்று சொல்ல மண்டபத்துக்கு போனைக் கையில் எடுத்தேன். அப்போது வேதாரண்யத்திலிருந்து செய்தி வந்தது. "நான், அவர், ரெண்டு பொண்ணுங்க, எங்க அம்மா. அஞ்சு பேர். பணம் அனுப்பிட்டேன். இன்னும் இடம் இருக்குல்ல?"

பெரிய ஹாலையே எடுத்துவிட்டோம்.