ஒரு ப் எங்கே ஒட்ட வேண்டும்?

நண்பர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்கு நான்தான் மெய்ப்பு பார்த்தேன். 160 பக்கம், ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். முதல் சுற்றில் தவறு கண்ட இடத்திலேயே, வரிகளுக்கு நடுவில், நீல மையில் பொடியாக எழுதிக்கொண்டே போனேன். திரும்பி வந்த இரண்டாம் ப்ரூஃபில் கால்வாசித் திருத்தம் ஏறவே இல்லை. டிடிபி செய்தவர்மீது குற்றமில்லை, அவர் பார்ப்பது ஓரத்தைத்தான். ஓரத்தில் ஒன்றும் இல்லையென்றால் அந்த வரி சரி என்று கடந்துவிடுவார்.

ஆகவே எந்தத் திருத்தத்துக்கும் இரண்டு குறி வேண்டும். வரிக்குள் இடத்தைக் காட்ட ஒன்று, அதே வரிக்கு நேரே ஓரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒன்று. ஓரத்தில் எழுதியதை ஒரு சாய்கோட்டால் முடிக்க வேண்டும். ஒரே வரியில் மூன்று தவறு இருந்தால் அவை வரும் வரிசையிலேயே ஓரத்திலும் எழுதி ஒவ்வொன்றுக்கும் பின் கோடு போட்டால் குழப்பம் வராது.

தமிழில் அதிகம் மாட்டுவது ஒற்றுதான். "வீட்டிற்கு போனாள்" என்ற இடத்தில் இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைச்செருகல் குறி (கூரை போல ‸ இருக்குமே, அது) போட்டு ஓரத்தில் "ப்" என்று எழுதியிருந்தேன். "சார், இந்த ப் முன்னால ஒட்டணுமா, பின்னால ஒட்டணுமா?" என்று போன் வந்தது. கேட்காத இன்னோர் இடத்தில் "ப்போனாள்" என்றே அச்சாகியிருந்தது. அதிலிருந்து குறியை "கு"வுக்கு ஒட்டினாற்போல் போடுகிறேன், ஓரத்தில் ப்-இன் இடப்பக்கம் சேர்ப்புக்குறியாக ஒரு சின்ன வளைவும் சேர்த்துவிடுகிறேன்.

அப்புறம் கொம்பு. "கொடி" என்று இருப்பது "கோடி" ஆக வேண்டுமானால் கொம்பை மட்டும் சுழித்துக் காட்டினால் யார் கண்ணிலும் படாது. முழு "கொ"வையும் அடித்து, ஓரத்தில் "கோ/" என்று எழுத வேண்டும். தமிழில் எழுத்துக்குள் பாதியைத் திருத்தப் பார்க்காதீர்கள், முழு எழுத்தாகவே மாற்றுங்கள்.

ஒரு கதையில் "வெள்ளன வந்துரு" என்று ஒரு கிழவி சொல்வாள். நான் அதை "விரைவில்" என்று மாற்றிவிட்டேன். நண்பர் பார்த்துவிட்டு, அது அவர் ஊர்ப் பேச்சு, தொடக்கூடாது என்றார். அடித்ததை அழிக்கத் தேவையில்லை, அழித்தால் தாள்தான் கிழியும். சொல்லுக்கு அடியில் புள்ளிகள் வைத்து, ஓரத் திருத்தத்தை அடித்து, பக்கத்தில் "ஸ்டெட்" என்று எழுதினால் போதும், பழையபடியே இருக்கட்டும் என்று பொருள்.

இரண்டாம் ப்ரூஃபைத் திருத்திய சொல்லோடு நிறுத்தாமல் பத்தி முடியும்வரை படித்தேன். ஒரு சொல் கூடியதில் வரிகள் நகர்ந்து, ஒரு பத்தியின் கடைசிச் சொல் மட்டும் தனியாக அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது.