ஷியர் வால் கேள்விக்கு எப்படித் தயாராவது: ஸ்டில்ட் + 3 கட்டடம் ஒன்றை வைத்து

எம்.இ. ஸ்ட்ரக்சுரல் வைவாவிலோ வேலைக்கான நேர்காணலிலோ ஷியர் வால் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு சின்னக் கட்டடத்தை வரைந்து காட்டி, "பூகம்பத்தை இது எப்படித் தாங்கும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்போது ஈடேப்ஸில் வந்த எண்ணைச் சொல்வதைவிட, பேனாவும் தாளும் வைத்து விசை எங்கே போகிறது என்று காட்டத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. நான் படித்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

12 மீட்டருக்கு 9 மீட்டர் பிளான், கீழே பார்க்கிங், மேலே 3 தளம், மொத்த உயரம் 12 மீட்டர். எடை 5000 கிலோநியூட்டன், நான்கு ஸ்லாபுக்கும் சமமாக. ஊர் சென்னை, ஐஎஸ் 1893 (2016) படி மண்டலம் 3, அதாவது Z = 0.16. குட்டையான 9 மீட்டர் பக்கமாக ஆட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அலைவு நேரம் 0.09 × 12 / √9 = 0.36 விநாடி வருகிறது, அதனால் Sa/g 2.5. சட்டகத்தையும் சுவரையும் ஐஎஸ் 13920 படி கம்பி கட்டுவதாக இருந்தால்தான் R = 5 போடலாம்.

Ah = (Z/2) × (I/R) × (Sa/g) = 0.08 × (1/5) × 2.5 = 0.04

ஆக பேஸ் ஷியர் 200 கிலோநியூட்டன். இது உயரத்தின் வர்க்கப்படி பிரியும், 1 : 4 : 9 : 16 என்ற விகிதம். மொட்டை மாடிக்கு மட்டுமே கிட்டத்தட்ட 107 போய்விடுகிறது. ஒவ்வொன்றையும் அதன் உயரத்தால் பெருக்கிக் கூட்டினால் அடியில் கவிழ்ப்பு மொமன்ட் 2000 கிலோநியூட்டன் மீட்டர்.

இப்போது அந்தத் திசையில் 3 மீட்டர் நீளம், 150 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு சுவர்கள் வைக்கிறோம். கைக்கணக்குக்காக முழு விசையையும் சுவர்களுக்கே கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 100 கிலோநியூட்டன் ஷியர், 1000 மொமன்ட். ஷியர் தகைவு 0.22 மெகாபாஸ்கல்தான், கான்கிரீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெயரில் ஷியர் இருந்தாலும் இங்கே சுவரைச் சோதிப்பது மொமன்ட்தான், இதை நீங்களாகவே சொன்னால் கேள்வி கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். சுவரின் ஒரு முனையில் சுமார் 400 கிலோநியூட்டன் இழுவை, மறுமுனையில் அதே அளவு அழுத்தம். சுவர் மேல் இறங்கும் எடை 300 என்றால், அதில் பாதிதான் இழுவை முனையைப் பிடித்து அழுத்தும், மீதி 250-ஐ முனைக் கம்பிதான் தாங்கணும். அப்புறம் 1000-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.3 மீட்டர். எடையின் விளைவு விசை சுவரின் நடுவிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது, சுவரோ நடுவிலிருந்து 1.5 மீட்டர்தான். தனி ஃபுட்டிங் போட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதற்கு இதுவே அடையாளம். பக்கத்துக் காலம்களோடு சேர்த்து ராஃப்ட்டோ கனமான கிரேடு பீமோ போட வேண்டியது அதனால்தான். 0.9 DL + 1.5 EL சேர்க்கையில் இது இன்னும் மோசமாகும்.

அடுத்து கட்டாயம் வருவது, சுவரை எங்கே வைப்பது. லிப்ட் ஒரு ஓரத்தில் இருக்கிறது என்று இரண்டு சுவரையும் அங்கேயே, ஓரத்திலிருந்து 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் வைப்பதைத்தான் நிறைய பிளானில் பார்க்கிறோம். விறைப்பு மையம் 2 மீட்டரில், நிறை மையம் 6-ல், இடைவெளி 4. ஐஎஸ் 1893 சொல்லும் 1.5e + 0.05b-இல் e = 4, b = 12 போட்டால் 6.6 மீட்டர், முறுக்கு 1320. இரண்டு சுவருக்கும் இடையே 2 மீட்டர்தானே இருக்கிறது, அவை மட்டும் தாங்கினால் ஆளுக்கு 660, நேர் விசை 100-ஐச் சேர்த்தால் ஒரு சுவருக்கு 760! அதே சுவர்களை 12 மீட்டர் நீளத்தின் இரு ஓரத்திலும் வைத்தால் 110 தான். குறுக்குத் திசைச் சுவர்கள் இருந்தால் முறுக்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், 760 குறையும், ஆனாலும் இடம் மாறியதில் வந்த இந்த வித்தியாசத்தைத் தடிமனைக் கூட்டி ஈடு செய்ய முடியாது.

சரி, சுவருக்குப் பதில் ஸ்டீல் பிரேசிங் என்றால்? 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள கட்டத்தில் மூலைவிட்டம் 5 மீட்டர். 100 ÷ 0.8 = 125 கிலோநியூட்டன். எக்ஸ் வடிவில் மெல்லிய கம்பி என்றால் அழுத்தத்தில் இருப்பது வளைந்து விலகிவிடும், இழுவையில் இருப்பது ஒன்றே முழு 125-ஐயும் எடுக்கும், திசை மாறும்போது மற்றது எடுக்கும். ஆனால் கவிழ்ப்பு எங்கேயும் போகவில்லை, 1000 ÷ 4 = 250 கிலோநியூட்டன் ஓரக் காலம்களின் அடியில் ஏறி இறங்கும். குசெட் பிளேட்டை பிரேசைவிட வலுவாக வைக்கணும், இல்லையென்றால் பிரேஸ் நீள்வதற்கு முன்பே இணைப்பு கிழிந்துவிடும்.

பார்க்கிங் தளத்தில் கார் திருப்ப இடைஞ்சல் என்று சுவரை முதல் தளத்தோடு நிறுத்தலாமா என்று கேட்டுச் சோதிப்பார்கள். கூடாது என்பதோடு காரணத்தையும் சொல்லுங்கள்: மேல் தளங்கள் விறைப்பாக ஒரே கட்டியாய் நகர, 200 கிலோநியூட்டனும் வெறும் காலம்களின் தலையிலும் அடியிலும் வளைவாய்ச் சேரும். 2001 ஜனவரி 26 புஜ் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் ஸ்டில்ட் கட்டடங்கள் பல இப்படித்தான் கீழ்த்தளம் நொறுங்கி உட்கார்ந்தன. மேலே செங்கல் சுவர்கள் நிறைந்து கீழே ஒன்றும் இல்லாத எந்த பிளானிலும் இதே சிக்கல் உண்டு, அதற்கு ஷியர் வால் இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை.