பெட்டியா, ஸ்கிரீனா?

மார்ச் 7
பஞ்சிகாவத்தையில் கிராஷ் கார்ட், பின் ராக், பெட்டி, ஹாண்டிலில் பிடிக்கிற வின்ட்ஸ்கிரீன் எல்லாம் வாங்கி ஒரே பின்னேரத்தில் பைக்கில் பூட்டியாயிற்று. பார்க்க நல்லாத்தான் இருக்கிறது.

மார்ச் 8
நீர்கொழும்பு வீதியில் அறுபதைத் தாண்டியதும் பைக் மெல்ல நெளியத் தொடங்கியது. லொறி ஒன்று முந்திப் போனபோது ஹாண்டில் கையிலேயே ஆடியது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டியதால் எதைக் குற்றம் சொல்வதென்று தெரியவில்லை.

மார்ச் 10
வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் திருப்பும்போது, ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்ததும் எஞ்சின் தானாக உறுமியது. நேராக்கினால் அடங்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தேன்: ஸ்கிரீனின் பிடிக்குள் அக்ஸிலரேட்டர் கேபிள் அகப்பட்டு இழுபடுகிறது. அதன் பக்கத்தில் ஹோர்ன் வயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிகிறது. இரும்பில் பட்டிருந்தால் பியூஸ் போயிருக்கலாம். பிடியைக் கழற்றி, கேபிளை அதன் பழைய வழியிலேயே விட்டு, வயரைச் சுற்றி டேப் ஒட்டி, பிடியைத் திரும்பப் பூட்டி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். இப்போது உறுமவில்லை.

மார்ச் 14
மெக்கானிக் அண்ணா, "ஒண்டொண்டாக் கழட்டி ஓடிப் பாரும் தம்பி" என்றார். அதே வீதி, அதே வேகம். ஸ்கிரீனைக் கழற்றினேன், லொறி முந்தும்போது வந்த ஆட்டம் போனது, நெளிவு போகவில்லை. ஸ்கிரீனைத் திரும்பப் பூட்டிப் பெட்டியைக் கழற்றினேன். நெளிவு போனது, ஆட்டம் மட்டும் கொஞ்சம். ஆக, இரண்டுமே குற்றவாளி.

அண்ணா கடதாசியில் கணக்குப் போட்டார். பெட்டியும் சாமானும் 12 கிலோ, பின் அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் பின்னால். இரு சில்லுகளுக்கும் இடைத்தூரம் 132. 12 × 40 ÷ 132: முன் சில்லில் ஏறக்குறைய 3.6 கிலோ பாரம் குறைந்து முன்பக்கம் லேசாகிறது. "இது மட்டுமில்லை, உயரத்தில பின்னுக்கு இருக்கிற பெட்டி காத்தையும் வாங்கும்" என்றார்.

மார்ச் 15
ஸ்பானர்களையும் பூட்டுச் சங்கிலியையும் டாங்கி மேலுள்ள பையினுள் வைத்தேன். பெட்டியில் இப்போது 5 கிலோதான், ராக்கின் முன் துளைகளில் 8 சென்ரிமீற்றர் முன்னுக்கு. முன் சில்லில் குறைவது 1.2 கிலோ. பின் ரயருக்கு ஸ்டிக்கரில் இருவருக்கென்று போட்ட காற்று. ஸ்கிரீனை கொஞ்சம் பதித்து, இரண்டு பக்கமும் சம உயரத்தில் இறுக்கினேன். அறுபத்தைந்தில் பைக் நேராக ஓடுகிறது.

கிராஷ் கார்ட் நட்டுகளையும் பார்த்தேன். பிடிக்கடியில் பெயின்ற் நசுங்கி, கால் சுற்று இறுக்கம் விட்டிருந்தது, இறுக்கினேன். இன்னும் நூறு கிலோமீற்றர் போனதும் திரும்ப இறுக்க வேண்டும்.

பெட்டியை முன்னுக்கு நகர்த்தியதில் தங்கச்சிக்குத்தான் கோபம். முதுகு முட்டுகிறதாம், பஸ்ஸில் போகிறாளாம்.